கொசுவலையா, சுவர் மருந்தா?

கேள்வி: ஐயா, வள்ளியூர்ப் பக்கம் செங்கல் சூளை நடத்துகிறேன். ஒடிசாவிலிருந்து வந்த 42 பேர் குடும்பத்தோடு சூளையிலேயே 11 அறைகளில் தங்கியிருக்கிறார்கள். போன மாதம் இரண்டு பேருக்குக் குளிர்காய்ச்சல் வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்ததில் மலேரியா என்றார்கள். புகை மருந்து அடித்தேன், இரண்டு நாளில் கொசு திரும்பிவிட்டது. மருந்து ஏற்றிய கொசுவலை வாங்கித் தரவா, சுவருக்கு மருந்து அடிக்கவா? வெயில் காலத்தில் பாதிப்பேர் வெளியில்தான் படுக்கிறார்கள். விடியற்காலை 2 மணிக்கே கல் அறுக்க எழுந்துவிடுவார்கள். எது உண்மையில் நோயைக் குறைக்கும்?
— ஒரு சூளை உரிமையாளர்

பதில்: அன்புள்ள அண்ணாச்சி,

முதலில் வலை வாங்குங்கள், இந்த வாரமே வாங்குங்கள். சுவர் மருந்தும் உங்கள் சூளைக்குத் தேவைப்படும் என்றுதான் நினைக்கிறேன். அதை நீங்களே கடையில் வாங்கி அடிக்க வேண்டாம். எப்படிக் கேட்டுப் பெறுவது என்று பின்னால் சொல்கிறேன். நான் ஏன் இந்த வரிசையில் சொல்கிறேன் என்பது புரிய, ஒரு கொசுவின் பத்து நாள் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

மலேரியா உள்ள ஒருவரைக் கடித்த அனாபிலிஸ் கொசு மறுநாளே நோயைப் பரப்பிவிட முடியாது. ரத்தத்தோடு அதன் வயிற்றுக்குள் போன கிருமி குடல் சுவரில் சிறு முடிச்சாக வளர வேண்டும். அந்த முடிச்சு வெடித்து, அதிலிருந்து வெளிவரும் கிருமிகள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்து சேர வேண்டும். நம் ஊர் வெயிலில் இதற்கு ஏறத்தாழ 8 முதல் 10 நாட்கள் பிடிக்கும். குளிர்ந்த ஊரில் இன்னும் நாளாகும். அதற்குள் செத்துவிடும் கொசுவால் ஒருவருக்கும் மலேரியா வராது. பெண் கொசுவோ இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ரத்தம் குடித்தாக வேண்டும். ஆகவே கிருமி முதிர்வதற்குள் அது மூன்று நான்கு தடவை மனிதனையோ மாட்டையோ தேடி வருகிறது. ஒவ்வொரு தடவையும் வயிறு நிறையக் குடித்துவிட்டு, பறக்க முடியாத கனத்தோடு பக்கத்தில் ஏதாவது ஒரு சுவரில் உட்கார்ந்து செரிக்கிறது. தேடி வரும் நேரத்தில் அதை மறிப்பது வலை. குடித்துவிட்டு உட்காரும் இடத்தில் கொல்வது சுவர் மருந்து.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். பின்னர் 1950-களில் ஜார்ஜ் மக்டொனால்ட் இந்தக் கணக்கைத் தெளிவாக எழுதிக் காட்டினார். உங்கள் சூளையில் இன்று நோயாளியைக் கடித்த கொசுக்கள் 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் எட்டு மறுநாள்வரை பிழைக்கின்றன என்றால், பத்தாம் நாள் மிஞ்சுபவை சுமார் 107. அவைதான் கிருமியைக் கொடுக்கக்கூடியவை. மருந்து ஏதோ ஒன்று செய்து, பத்தில் ஆறு மட்டும் பிழைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தால், பத்தாம் நாள் மிஞ்சுபவை வெறும் 6. கண்ணுக்குத் தெரியும் கொசு ஏறத்தாழப் பாதியாகத்தான் குறைந்திருக்கும். ஆனால் நோய் பரப்பும் கிழட்டுக் கொசு கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். ‘மருந்து அடித்தும் கொசு இருக்கிறதே’ என்று ஜனங்கள் குறைப்படுவதற்கும், அதே ஊரில் காய்ச்சல் குறைந்திருப்பதற்கும் காரணம் இதுதான்.

நீங்கள் அடித்த புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருந்த கொசுவைக் கொல்லும். மறுநாள் பிறந்து வரும் கொசுவுக்கு அங்கே எதுவும் மிச்சமிருக்காது. அதில் இனிப் பணம் போடாதீர்கள்.

இப்போது வலை. சாதாரண வலையில் கொசு உங்கள் மூச்சின் வாசனைக்கு வந்து, வலைமேல் உட்கார்ந்து, முழங்கை எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடி அங்கேயே கடித்துவிடும். கிழிசல் இருந்தால் உள்ளே வந்துவிடும். நூலிலேயே டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் போன்ற மருந்து ஏறியிருக்கும் நீண்டகால வலையில், வந்து ஒட்டி ஒட்டிப் பார்க்கும் கொசுவின் காலில் மருந்து ஏறுகிறது. நரம்பு துடித்து, விழுந்து சாகிறது. சாகாவிட்டாலும் விலகிப் போகிறது. ஆகவே வலைக்குள் தூங்குகிறவருக்கு அன்றிரவே பாதுகாப்பு. ஊரில் வேறு யார் வலை கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது குறையாது. அதோடு, வலை தேடி வரும் கொசுக்களில் ஒரு பங்கைக் கொன்றுவிடுவதால், வலை இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் நன்மை உண்டு. மேற்குக் கென்யாவில் நடந்த பெரிய ஆய்வில், மருந்து வலை கட்டிய வீடுகளிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்த வலையில்லா வீடுகளிலும் மலேரியா குறைந்ததைப் பார்த்தார்கள். ஆனால் கொஞ்சம் பேர் மட்டும் வலை கட்டினால் இந்த நன்மை கிடைக்காது. குடியிருப்பில் பாதிக்கு மேலாவது கட்ட வேண்டும்.

கடியைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நோய் பரவ ஒரே கொசு இரண்டு தடவை கடிக்க வேண்டும். ஒரு தடவை கிருமியை எடுக்க, ஒரு தடவை கொடுக்க. மனிதனைக் கடிப்பது பாதியானால், இரண்டும் நடக்கும் வாய்ப்பு கால்வாசியாகிவிடும்.

சுவர் மருந்து வேறு விதமாக வேலை செய்கிறது. மருந்துத் தூளைத் தண்ணீரில் கரைத்து, அறையின் உட்சுவரிலும் கூரையின் அடிப்பக்கத்திலும் ஒரே சீராகப் படியும்படி தெளிப்பார்கள். அது வாசனை காட்டித் துரத்துவதற்கு அல்ல, காய்ந்து ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பதற்கு. ரத்தம் குடித்த கொசு அதன்மேல் உட்கார்ந்ததும் கால்வழியாக மருந்து ஏறும். கவனியுங்கள்: அது முதலில் உங்களைக் கடித்துவிட்டுத்தான் உட்காருகிறது. உங்களைக் கடியிலிருந்து சுவர் மருந்து பெரிதாகக் காப்பாற்றாது. உங்களிடம் கிருமியை எடுத்த கொசு, பத்து நாள் கழித்துப் பக்கத்து அறைக் குழந்தையைக் கடிக்காமல் காப்பாற்றும். அதனால்தான் ஒருவர் தன் வீட்டுக்கு மட்டும் மருந்து அடித்துக்கொண்டால் அவருக்குப் பெரிய பயன் இல்லை. பத்து வீட்டில் எட்டு வீட்டுக்காவது அடிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை பிடிவாதம் பிடிப்பதும் அதனால்தான். வலை ஒருவருக்கு ஒரு பங்கும் ஊருக்கு ஒரு பங்கும் தருகிறது. சுவர் மருந்து தருவது பெரும்பாலும் ஊருக்குத்தான்.

என் கண்ணால் பார்த்த ஒரு தோல்வியைச் சொல்கிறேன். பணியில் இருந்தபோது, மழை முடிந்ததும் மார்கழியில் ஒரு கிராமத்துக்குச் சுவர் மருந்து தெளித்தோம். நல்ல குழு, நல்ல மருந்து, முக்கால்வாசிக்கு மேல் வீடுகள் கதவைத் திறந்துவிட்டன. பத்துப் பதினைந்து நாளில் பொங்கல் வந்தது. ஊர் முழுவதும் வெள்ளையடித்தார்கள். எங்கள் மருந்து முழுக்கச் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டது. போதாக்குறைக்குச் சுண்ணாம்பின் காரம் இந்த வகை மருந்தைச் சிதைத்தும் விடும். மாசியில் அங்கே காய்ச்சல் முன்போலவே இருந்தது. தப்பு ஜனங்களுடையது அல்ல. தை பிறக்கும் முன் வெள்ளையடிப்பார்கள் என்பது திருநெல்வேலிச் சீமையில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அதற்குப் பிறகு பொங்கலுக்கும், அந்தந்த ஊர்க் கோயில் கொடைக்கும் நாள் கேட்டுக்கொண்டுதான் தெளிப்பு நாள் குறித்தேன். உங்கள் சூளையில் வெள்ளை அடிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் ஒடிசாப் பெண்கள் அறைச் சுவரைக் களிமண்ணாலும் சாணத்தாலும் அழகாக மெழுகுவார்கள். அதுவும் மருந்தை மூடிவிடும்.

உங்கள் இடத்துக்கு வருவோம். வலை ஏன் முதலில் என்றால், பாதிப்பேர் வெளியில் படுக்கிறார்கள். திறந்த வெளியில் சுவர் கிடையாது. அங்கே சுவர் மருந்து அவர்களுக்கு எட்டாது. வலை அவர்களோடு போகும். நான்கு மூங்கில் கழிகளை நட்டு, கயிற்றுக் கட்டிலுக்கோ பாய்க்கோ மேல் கட்டிவிடலாம். ஒரு வலைக்கு இருவர் என்பது பொதுக்கணக்கு. 42 பேருக்கு 21 வருகிறது. ஆனால் கணக்குப்படி யாரும் தூங்குவதில்லை. ஒரு மாலைப்பொழுதில் போய், யார் யாரோடு எங்கே படுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தனியாகப் படுக்கும் இளைஞர்கள் சிலர் இருப்பார்கள். 24 அல்லது 25 வலை தேவைப்படும் என்பது என் மதிப்பு. கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருந்தால் அவர்கள் வலை முதலில்.

உறையிலிருந்து எடுத்ததும் ஒரு நாள் நிழலில் தொங்கவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் இரவு முகம் லேசாக எரியும், ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மடித்து வைத்துவிடுவார்கள். துவைத்தால் சாதாரணச் சோப்பு, பச்சைத் தண்ணீர், நிழலில் உலர்த்தல். இப்படிப்பட்ட வலை ஏறத்தாழ 20 துவைப்பு தாங்கும், மூன்று வருடம் வரை உழைக்கும். வாராவாரம் துவைத்தால் ஆறு மாதத்தில் வெறும் துணி. குளத்திலோ கால்வாயிலோ ஒருபோதும் அலசக் கூடாது. இந்த மருந்து மனிதருக்கு இந்த அளவில் தீங்கு செய்யாது, மீனுக்கு நஞ்சு. தொட்டியில் துவைத்து, அந்தத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து தள்ளி மண்ணில் கொட்டுங்கள்.

மாதம் ஒருமுறை வலைகளைப் பாருங்கள். கட்டைவிரல் நுழையும் ஓட்டைகள் ஒன்றிரண்டு இருந்தால் மருந்து சமாளித்துக்கொள்ளும். தைத்தால் போதும். கைமுட்டி நுழையும் ஓட்டைகள் பல இருந்தால் புதிது வாங்க வேண்டும். சூளையில் நெருப்புப் பொறியும் மரச்சட்டத்தின் ஆணியும் வலைக்கு எமன். அதனால் ஐந்தாறு வலை கூடுதலாகக் கையிருப்பில் வையுங்கள்.

பிறகு ஏன் சுவர் மருந்தும் என்கிறேன்? பொதுவாக நான் இரண்டையும் சேர்த்துப் பரிந்துரைப்பதில்லை. காம்பியாவில் நடந்து 2015-இல் வெளியான பெரிய ஆய்வில், எல்லாரும் மருந்து வலைக்குள் தூங்கிய கிராமங்களில் கூடுதலாகச் சுவருக்கு டி.டி.டி. தெளித்துப் பார்த்தார்கள். கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும், பணத்தை இரண்டாகப் பிரிப்பதைவிட ஒன்றை முழுமையாகச் செய்யுங்கள் என்றே சொல்கிறது. உங்கள் சூளையை விதிவிலக்காக்குவது அந்த விடியற்காலை 2 மணி. நம் கிராமப்புறங்களில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் இரவு முழுக்கக் கடிக்கக்கூடியது. 2 மணிக்கு வலை காலியாகிவிடுகிறது. ஆள் மண் பிசைந்துகொண்டு, வெற்றுடம்போடு, தண்ணீர்ப் பள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நான்கு மணி நேரக் கடியை வலையும் தடுக்காது, சுவர் மருந்தும் தடுக்காது. ஆனால் வெளியில் குடித்த கொசுவும் வெயில் ஏறும் முன் நிழலும் ஈரமும் தேடி அறைக்குள்ளோ மாட்டுத் தொழுவத்திலோதான் பெரும்பாலும் ஒதுங்கும். அங்கே மருந்து காத்திருந்தால், கடித்த கொசு பத்தாம் நாளைப் பார்க்காது. வலையில் விழும் ஓட்டையை உங்கள் இடத்தில் சுவர் அடைக்கிறது.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மருந்து வலைகள் எல்லாவற்றிலும் பைரித்ராய்டு என்ற குடும்பத்து மருந்துதான் அடிப்படை. டெல்டாமெத்ரின் அந்தக் குடும்பம். இந்தியாவில் பல இடங்களில் குலிசிபேசிஸ் அதற்குப் பழகிக்கொண்டுவிட்டது. டி.டி.டி.க்கு எப்போதோ பழகிவிட்டது. வலையில் சாகாத கொசுவுக்குச் சுவரிலும் அதே மருந்தை வைத்தால் அது இரண்டையும் தாண்டிவிடும். ஆகவே சுவருக்கு வேறு குடும்பத்து மருந்து வேண்டும். நம் அரசுத் திட்டத்தில் நெடுநாளாக உள்ள மாலத்தியான் அப்படி ஒன்று. அது ஒரு தெளிப்புக்கு ஆறு முதல் எட்டு வாரம்தான் தாங்கும். வாடையும் அதிகம்.

அளவைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் அறை பத்தடிக்குப் பத்தடி, சுவர் உயரம் ஏழடி என்று கொள்கிறேன். நான்கு சுவரும் சேர்ந்து சுமார் 26 சதுர மீட்டர், தகரக் கூரையின் அடிப்பக்கம் 9. ஓர் அறைக்கு 35, பதினோரு அறைக்கு 385 சதுர மீட்டர். மாலத்தியான் 25 சதவீதத் தூள் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ கலந்து, அதை 250 சதுர மீட்டருக்குத் தெளிப்பது முறை. சதுர மீட்டருக்கு 2 கிராம் மருந்து படியும். உங்களுக்கு 15 லிட்டருக்குச் சற்று மேல் கரைசல், 3 கிலோவுக்குச் சற்று மேல் தூள். தொழுவம் இருந்தால் இன்னும் கொஞ்சம். குழாயின் முனையைச் சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழாக, ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறும்படி பட்டைபட்டையாக அடிக்க வேண்டும். சொட்டு வழிந்து ஓடினால் அதிகம். காய்ந்த பிறகு சுவரில் வெண்புள்ளிகள் சீராகத் தெரியாவிட்டால் குறைவு. தூள் அடியில் தங்கும், வாளியைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் கிளறாமல் அடித்த சுவர்களில் முதல் அறை நன்றாகவும் கடைசி அறை வெறும் தண்ணீராகவும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கைச் சொன்னது, வருகிற குழுவின் வேலையை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வதற்காக. நீங்களே செய்யாதீர்கள். கையுறை, முகமூடி, சரியான தெளிப்பான், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் வேண்டும். வயலுக்கு அடிக்கும் மருந்தை வாங்கி வீட்டுச் சுவருக்கு அடித்துக் குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோன கதையும் எனக்குத் தெரியும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். ‘இத்தனை பேர், இத்தனை அறை, இரண்டு பேருக்கு ரத்தத்தில் உறுதியானது, தொழிலாளர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், இரவு 2 மணி முதல் வெளியில் வேலை’ என்று நான்கு வரி போதும். பூச்சியியல் பணியாளர் வந்து விடிகாலையில் டார்ச்சோடு அறைகளிலும் தொழுவத்திலும் உட்கார்ந்திருக்கும் கொசுவைக் குழாயில் உறிஞ்சிப் பிடித்து, எந்த இனம் என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இது சம்பிரதாயம் இல்லை. அறையில் குலிசிபேசிஸ் அகப்பட்டால் சுவர் மருந்துக்கு அர்த்தம் இருக்கிறது. அகப்படுவதெல்லாம் ஸ்டெபென்சி என்ற நகரத்து இனமாக இருந்தால், அது உங்கள் தண்ணீர்த் தொட்டியிலும் சின்டெக்ஸிலும் பிறக்கிறது. தொங்கும் துணிக்கும் சாமானுக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும் இனம் அது. அதற்குச் சுவர் மருந்தைவிடத் தொட்டிக்கு இறுக்கமான மூடிதான் வேலை செய்யும். பாளையங்கோட்டைக்காரர் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் மொட்டைமாடியிலிருந்து தொடங்கியிருக்கும்.

தெளித்து ஒரு மாதம் கழித்து, அதே டார்ச் தேடலைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். சுவரில் வயிறு சிவந்த கொசுக்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் மருந்து தோற்றுவிட்டது. ஒன்று கொசு பழகியிருக்கிறது, இல்லாவிட்டால் சுவரை யாரோ மெழுகியிருக்கிறார்கள். கொஞ்சம் கொசு அகப்பட்டு, புதிதாக உறுதியாகும் நோயாளிகள் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், முன்பு சொன்ன 107-உம் 6-உம் நினைவிருக்கட்டும்.

இன்னும் ஒன்று. வலையும் மருந்தும் கொசுவைத்தான் கொல்லும், ஆளின் ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லாது. காய்ச்சல் வந்த அந்த இருவரும் கொடுத்த மாத்திரையை முழுக்கச் சாப்பிட்டார்களா? வைவாக்ஸ் வகை என்றால் பிரைமாகுவின் மாத்திரை பதினான்கு நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார்கள். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி சில மாதம் கழித்துக் கொசு கடிக்காமலேயே மறுபடி காய்ச்சலாக வரும். அப்போது ‘வலை பலனில்லை’ என்பார்கள். மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மற்ற 40 பேரிடமும் ரத்தம் எடுக்க வரும்படி கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். கிருமி இருந்தும் காய்ச்சல் இல்லாதவர் ஒருவராவது இருப்பார் என்பது என் அனுபவம்.

மண் எடுத்த பள்ளங்களில் தெளிந்த தண்ணீர் தேங்கி நின்றால், பயன்படாத பள்ளத்தை உங்கள் டிராக்டரே ஒரு நாளில் மூடிவிடும். கல் அறுக்கத் தண்ணீர் தேவைப்படும் பள்ளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதை வாரம் ஒருமுறை முழுக்க வற்றவிடுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அடுத்த பொங்கல் முடிந்து புது ஆட்கள் இறங்கும் நாளன்று, அவர்கள் பெட்டியை அறைக்குள் வைப்பதற்கு முன் வலை கட்டியிருக்கட்டும், அந்த வாரத்திலேயே ரத்தப் பரிசோதனையும் முடியட்டும். பூச்சியியல் பணியாளர் என்ன இனம் என்று சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள், அண்ணாச்சி. அதைப் பார்த்துவிட்டு, இரண்டாம் தெளிப்பு வேண்டுமா என்று சொல்கிறேன்.